முதல் போட்டவரின் கையெழுத்து

மொழிபெயர்ப்பு என்றால் ஒரு பக்கம் வாங்கி இன்னொரு பக்கம் கொடுப்பதுதானே என்று என்னிடம் யாராவது சொன்னால், இந்த வயதிலும் எனக்குச் சுள்ளென்று ஏறும். உட்கார்ந்து செய்து பார், பிறகு வாயைத் திற என்பேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒரே ஒரு தாளை அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன பாவத்துக்காக, என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு மனுஷி பல மாதம் என்னோடு பேசாமல் இருந்தாள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். மலாக்காவில், பண்டார் ஹிலிரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். வக்கீல் யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்பட்டாலும் மெதுவாகத்தான் பேசுவார். தினமும் எங்கள் வீடு இருந்த காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். முக்காடு போட்ட பெண் சைக்கிள் மிதிக்கிறாளே என்று நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும். வாப்பா மதரசாவில் ஓதிக்கொடுப்பவர், அதனால் அரபி வீட்டிலேயே வந்தது. ஆங்கிலம் கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் போட்ட அதட்டலில் வந்தது. இரண்டும் தெரிந்த ஆள் அந்தத் தெருவிலேயே நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

நாங்கள் இருந்தது இரட்டை வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர், பின்னால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. அடுத்த பாதியில் ஒரு தமிழ்க் குடும்பம் புதிதாகக் குடிவந்திருந்தது. புருஷன் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர், அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். மனைவி எனக்கு அக்கா. அவளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையைப் போல நடந்து காட்டுவாள் பாருங்கள், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவள் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி கையைத் தூக்குவாள். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள், என் கூடப்பிறந்த லாத்தாவிடம்கூட எனக்கு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது.

அண்ணன் தோட்டத்து வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததற்குக் காரணம் ஓர் எகிப்துக்காரர். அலெக்சாண்ட்ரியாவில் மிளகு, கிராம்பு இறக்குமதி செய்யும் கம்பெனியைச் சேர்ந்தவர். கப்பலில் வந்து சிங்கப்பூரில் இறங்கி, சரக்கு பார்க்க மலாக்கா வரைக்கும் வந்தவர், அண்ணன் இருந்த தோட்டத்துக்கும் வந்தார். அண்ணனுடைய கணக்கும் நேர்மையும் பிடித்துப்போய், இங்கே எங்களுக்கு ஏஜெண்டாக இரு, குடோன் எடு, சரக்கு வாங்கி அனுப்பு என்று சொல்லிவிட்டார். போகும்போது ஆங்கிலத்தில் ஓர் அதிகாரப் பத்திரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதோடு அவர்கள் ஊர் வணிகப் பதிவேட்டிலிருந்து எடுத்த ஒரு சான்றிதழ், முழுக்க அரபியில், முத்திரையோடு. அண்ணன் மறுவாரமே ராஜினாமா கொடுத்தார். தோட்டத்துக் கிராணி வீடு போனது, வேலை போனது, திரும்பிப் போக வழியும் இல்லை. ஏனென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

குடோன் ஆற்றங்கரையில் இருந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு பாபா தவுக்கே, மலாய் பேசும் உள்ளூர்ச் சீன முதலாளி. குத்தகைப் பத்திரம் எங்கள் வக்கீலிடம்தான் எழுத வந்தது. வக்கீல் அதிகாரப் பத்திரத்தைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு சான்றிதழை என் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை, உமக்கு அரபு வாசிக்கத் தெரியும்தானே? இந்தக் கையெழுத்து வைச்ச மனிசனுக்குக் கம்பெனிக்காகக் கையெழுத்து வைக்க உரிமை இருக்கோ எண்டு நான் பார்க்கவேணும். வடிவா மொழிபெயர்த்துத் தாரும்."

வாசிக்கத் தெரியும் என்று கெத்தாக வாங்கிக்கொண்டேன். பிரித்துப் பார்த்ததும் கெத்து இறங்கிவிட்டது. நான் படித்ததெல்லாம் அச்சில் வந்த ஓதும் கிதாபு. இதுவோ எகிப்து அலுவலகக் குமாஸ்தா ஒருவன் அவசரத்தில் எழுதியது. இரண்டு புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு, மூன்று புள்ளிக்கு ஒரு கொக்கி. நல்லவேளையாக மலாய்க்காரர்கள் அரபி எழுத்தை வைத்து ஜாவியில் எழுதும் கடிதங்களை வாசித்துப் பழக்கம் இருந்தது, கையெழுத்து ஒருவாறு பிடிபட்டது. அர்த்தம் பிடிபடுவது அடுத்த பாடு. தொழுகைக்கும் நோன்புக்கும் எனக்குத் தெரிந்த அரபி, மூலதனம் முழுக்க ரொக்கமாகச் செலுத்தப்பட்டது என்கிற இடத்தில் என்னைக் கைவிட்டுவிட்டது.

ஆனாலும் ஒவ்வொரு கட்டமாகப் போனேன். கம்பெனியின் பெயர், இன்னாரும் கூட்டாளிகளும் என்று. இருப்பிடம், தொழில், காலம், மூலதனம். மூலதனத்தை எண்ணிலும் எழுத்திலும் எழுதியிருந்தான், எழுத்தைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டேன். அதற்குக் கீழே பங்காளிகள். இரண்டு சகோதரர்களின் பெயர் இருந்தது. கம்பெனியின் கடனுக்கெல்லாம் தங்கள் சொந்தச் சொத்து வரைக்கும் பொறுப்பேற்ற கூட்டுப் பங்காளிகள். அடுத்த வரியில், ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்ட இன்னொரு பங்காளி என்று மட்டும் போட்டு, அவர் போட்ட தொகை. மூலதனத்தில் பெரும்பகுதி அவருடையதுதான். ஆனால் அவர் பெயர் இல்லை. அதற்கும் கீழே, நிர்வாகமும் கையெழுத்தும் மேற்சொன்ன கூட்டுப் பங்காளிகள் இருவருக்கும், இருவரும் சேர்ந்து.

மலாக்கா வந்து போன எகிப்துக்காரரின் பெயரை நான் தேடினேன். முத்திரைக்குள் தேடினேன், பின்பக்கம் தேடினேன். எங்கேயும் இல்லை.

வக்கீலிடம் போய் அந்தப் பெயரில்லாத பங்காளியைப் பற்றிய வரியைச் சொன்னேன். அரபியில் அவரை என்ன சொல்கிறார்கள், அவருடைய பொறுப்பு எதுவரை என்று கேட்டார். போட்ட பணத்தோடு அவர் பொறுப்பு முடிகிறது போலத் தெரிகிறது என்றேன்.

"அப்ப லிமிட்டெட் பார்ட்னர்" என்றார் வக்கீல். "இங்கிலீஷ் சட்டத்திலையும் இருக்கு. காசைப் போடுவார். நட்டம் வந்தால் போட்ட காசு மட்டும்தான் போகும். அதுக்குப் பதிலா நிர்வாகத்துக்குள்ள கை வைக்கேலாது, கம்பெனிக்காகக் கையெழுத்தும் வைக்கேலாது. அவரின்ரை பேரை வெளியில போடாமல் விடுறதும் அந்த ஊர் வழக்கமா இருக்கும்."

பெரிய பணம் போட்ட அந்தப் பெயரில்லாதவர் எகிப்துக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்று எனக்குப் புரிந்தது. நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். மலாக்காவில் எந்தத் தமிழன் கடையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் போட்டவர் வருஷத்தில் ஒருமுறை ஊரிலிருந்து வருவார், கடையில் எது எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் உள்ளே நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் எழுந்து நிற்பார். அவர் போட்ட கையெழுத்துதான் கையெழுத்து, மற்றவர்கள் எல்லாம் அவருக்காகப் போடுகிறவர்கள். எகிப்துக்காரர் அண்ணனிடம் நெஞ்சில் கை வைத்து, கம்பெனியில் பெரிய பணம் என்னுடையது என்றாராம். அதற்குமேல் விசாரிக்க நம் ஆளுக்கு என்ன இருக்கிறது? அண்ணன் மட்டுமில்லை, தவுக்கே, என் வாப்பா, தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். அந்த மனிதரும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பணம் போட்டவன் பேச்சு செல்லும் என்று அவரும் நம்பியிருக்கிறார்.

வக்கீல் தாளை முடித்துத் தரச் சொன்னார். முடித்ததும் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், இது உண்மையான, சரியான மொழிபெயர்ப்பு என்று நான் சத்தியம் செய்து கையெழுத்துப் போடவேண்டும். அன்று பிற்பகல் முழுக்கத் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வரியில் எகிப்துக்காரர் பெயரைச் சேர்த்துவிட்டால் என்ன? பொய்யா அது? அவர்தான் அந்தப் பங்காளி, ஊருக்கே தெரியும். இருவரும் சேர்ந்து என்பதை விட்டுவிட்டு, நிர்வாகமும் கையெழுத்தும் பங்காளிகளுக்கு என்று முடித்தால் என்ன? முதலில் தப்பாக வாசித்துவிட்டேன் என்று வக்கீலிடம் சொன்னால் போயிற்று, அரபி தெரிந்தவன் யார் வந்து கேட்கப்போகிறான்? அப்படியே, பெயரைச் சேர்த்து ஒரு தாள் அடித்தேன். உருவி எடுத்துப் படித்துப் பார்த்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்காவின் முகம் கண் முன்னால் வந்து வந்து போனது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. என் கழுத்தில் இதை எதற்கடா கட்டினீர்கள் என்று ஊரையே திட்டினேன். பிறகு அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி அடித்தேன். பெயரில்லாத இடத்தைப் பெயரில்லாமலே விட்டேன்.

வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாய்ப்பதற்குள் அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். மறைத்துப் பேச எனக்கு வராது. அலுவலக விஷயத்தை வெளியே சொல்லக்கூடாதுதான், ஆனால் அது அவருடைய தாள், அவர் கொடுத்த தாள். சொன்னேன்.

"அதெப்படித் தங்கச்சி? முதல் போட்ட ஆளு பேரு இல்லாம ஒரு கம்பெனியா? நீ சரியாப் பாத்தியா?"

"பாத்தேன்ணே. பேரு இல்ல."

"அந்தச் சகோதரங்க ரெண்டு பேரும் அவருகிட்ட வேலை பாக்குறவங்களா இருக்கும்லா."

"இல்லண்ணே. அங்க அவங்கதான் கையெழுத்துக்காரங்க. அதுவும் ரெண்டு பேரும் சேந்து போடணும்."

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கிணற்றடிக்கு அக்கா வந்தாள். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றாள். அன்று தொரை நடை இல்லை, சிரிப்பு இல்லை.

"தங்கச்சி, தவுக்கே சனிக்கிழமை வரைக்கும்தான் பாப்பாராம். டயர் வியாபாரி ஒருத்தன் அந்தக் குடோனைக் கேட்டுக்கிட்டே இருக்கானாம். அந்த எடத்துல எகிப்துக்காரரு பேர மட்டும் போட்டுடேன். ஒரு பேருதானே. இல்லாத ஆளையா போடச் சொல்றேன்?"

"முடியாதுக்கா."

வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். தண்ணீர் முகத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வேறு யாரையோ பார்ப்பது மாதிரி இருந்தது. திரும்பிப் போய்ப் பின்கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு பகலில் சாத்தியிருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் நீதிமன்ற அலுவலகத்தில் சத்தியம் செய்தேன். வக்கீல் மொழிபெயர்ப்பையும் அதிகாரப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் மூலையில் இருந்தேன், அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, நீர் ஏஜெண்ட் எண்டு இந்தக் குத்தகையில கையெழுத்து வைச்சால், உமக்கு அதிகாரம் தந்தவருக்கே அதிகாரம் இல்லை. நாளைக்கு அந்தக் கம்பெனி எங்களுக்குத் தெரியாது எண்டு சொன்னால், தவுக்கே உம்மைத்தான் பிடிப்பார். குடோன் வாடகை, நட்டம் எல்லாம் உம்மடை தலையில. பொறும். அந்தச் சகோதரங்கள் ரெண்டு பேருக்கும் தந்தி அடிப்பம். அவையள் ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சுப் புதுப் பத்திரம் அனுப்பினால் நானே குத்தகையை முடிச்சுத் தாறன்."

தந்தி போனது. சான்றிதழில் இருந்த விலாசத்துக்கே போனது. தவுக்கே சனிக்கிழமை காத்திருந்தார், திங்கட்கிழமை டயர் வியாபாரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நல்ல மனிதர்தான். பதில் தந்தி வந்தபோது குடோன் நிறைய டயர்.

பதில் சுருக்கமாக இருந்தது. தங்கள் கம்பெனி மலாயாவில் யாரையும் நியமிக்கவில்லை, அந்தக் கையெழுத்து தங்களைக் கட்டுப்படுத்தாது என்று இரண்டு சகோதரர்களும் சேர்ந்தே பெயர் போட்டு அனுப்பியிருந்தார்கள். சில வாரம் கழித்து எகிப்துக்காரரிடமிருந்து அரபியில் ஒரு கடிதம் வந்தது. அண்ணனுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான், என்ன கொடுமை பாருங்கள். பணம் போட்டவர் நிர்வாகத்தில் தலையிட்டால், போட்ட பணத்தோடு நிற்காமல் தன் வீடு வாசல் வரைக்கும் கம்பெனிக் கடனுக்குப் பதில் சொல்லவேண்டி வரும் என்று சகோதரர்கள் சட்டத்தைக் காட்டினார்களாம். அதனால் ஒதுங்கிக்கொள்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். உங்கள் நேர்மையை நான் மறக்கமாட்டேன் என்றும் எழுதியிருந்தார். நேர்மையை வைத்து அடுப்பெரிக்க முடியுமா?

அண்ணன் கடிதத்தை வாங்கி மடித்தார். "குடோன் குத்தகையில கையெழுத்துப் போட்டிருந்தா நான் செத்திருப்பேன் தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு வழக்கம்போல என்னோடு பேசினார். வேலை தேடி அலைந்து, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு மரஆலையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. தோட்டத்தில் வாங்கியதைவிடக் குறைவுதான். வீடு கிடையாது, மருந்து கிடையாது, கிராணி ஐயா என்று கூப்பிட ஆளும் கிடையாது.

அக்காதான் பேசவில்லை. பிள்ளை பிறந்தது, பெண் குழந்தை. உம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் வாசல்வரை போனேன், அக்கா பிள்ளையை உம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பலகைச் சுவர்தானே, குழந்தை அழுவதும் அவள் தாலாட்டுவதும் எல்லாமே என் அறையில் கேட்கும். அவள் யாரையாவது நடித்துக் காட்டுவாளா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் ரோஷம் இருந்தது. நான் என்ன தப்பு செய்தேன், அவள் புருஷனைக் காப்பாற்றியிருக்கிறேன், அவளாக வரட்டும் என்று இருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தத் தாளை அப்படியேதான் அடிப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர்கள் பத்து பெரெண்டாமுக்கே வீடு மாறினார்கள். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த காலை, நான் வேலைக்குக் கிளம்பிச் சைக்கிளை வெளியே எடுத்தேன். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள்.

"நீ செஞ்சது சரின்னு ஒங்க அண்ணன் சொல்றாங்க. லாயரும் சொன்னாராம். எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் கூமுட்ட இல்ல" என்றாள். "பேரப் போடலன்னு எனக்குக் கோவமே இல்ல தங்கச்சி. வயித்துல பிள்ளையோட வந்து நின்னு கேட்டேன். கொஞ்சமாச்சும் யோசிப்பேன்னு நெனச்சேன். கடைக்காரன் கடன் இல்லன்னு சொல்ற மாதிரி, கேட்ட வாக்குல முடியாதுன்னுட்டியே. நான் அவ்வளவுதானா ஒனக்கு?"

அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததை, பெயரைச் சேர்த்து அடித்த தாளை, கிழித்ததை, அழுததை எல்லாம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே அவளிடம் சொன்னேன். நீ வந்து கேட்பதற்கு முன்னாலேயே நான் யோசித்து முடித்துவிட்டேன் அக்கா, அதனால்தான் சட்டென்று வந்துவிட்டது என்றேன். அண்ணன் லாரியிலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் பிள்ளையின் துணியில் விழுந்தது.

"எனக்காக அழுதியா?" என்றாள். "அடிப் பாவி, அத அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் இந்த வீட்டுல இத்தன மாசம் தனியா அழுதிருக்க மாட்டேனே."